கல்யாண நாளுக்கு இரண்டு பேருக்கான இரவுச் சாப்பாடு: குளிர்ந்த இறால், வாவி நண்டு, சட்டித் தயிர்

கேள்வி: "வாற கிழமை எங்கட பத்தாவது கல்யாண நாள். பிள்ளைகளை அம்மம்மா வீட்டில விட்டிட்டு நானும் மனுசியும் மட்டும் வீட்டிலயே ஆறுதலா இருந்து சாப்பிட விருப்பம். ஒண்டுக்குப் பிறகு ஒண்டா மூண்டு வகை. இருக்கிறது கல்முனை. ரெண்டு அடுப்பு காஸ் குக்கர்தான், ஓவன் இல்லை. அவவுக்கு நண்டெண்டா உயிர். சமைக்கிறது நான்தான். என்ன செய்யலாம், அதோட குடிக்க என்ன வைக்கலாம்?"

நண்டை நடுவில் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும். நண்டுக் கறி தேங்காய்ப்பாலும் உறைப்பும் சேர்ந்த கனமான சாப்பாடு. ஆகவே அதற்கு முன்னால் வருவது குளிர்ச்சியாக, எண்ணெயும் பாலும் இல்லாமல் இருக்க வேண்டும். பின்னால் வருவதிலும் தேங்காய்ப்பால் கூடாது. கல்முனைப் பக்கம் இனிப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வட்டிலப்பம்தான். ஓவனும் தேவையில்லை, ஆவியிலேயே அவிந்துவிடும். ஆனால் கறியில் கட்டிப்பால், பிட்டில் தேங்காய்ப்பூ, அதற்கு மேல் வட்டிலப்பத்திலும் கட்டிப்பால் என்றால் இரண்டாவது கரண்டியிலேயே திகட்டிவிடும். அதை வேறு நாளுக்கு வையுங்கள். இந்த இரவுக்கு எருமைத் தயிர்தான் சரி.

எனவே முதலில் மாங்காயும் இளநீர் வழுக்கையும் சேர்த்த குளிர்ந்த இறால், அடுத்து முருங்கையிலை போட்ட நண்டுக் கறியும் சிவப்பரிசிப் பிட்டும், கடைசியில் வடித்த சட்டித் தயிரும் கித்துள் பாணியும். சமைப்பவரும் நீங்கள், மேசையில் இருக்க வேண்டியவரும் நீங்கள் என்பதால், சாப்பிடத் தொடங்கிய பிறகு அடுப்படியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கீழே சொல்லும் ஒழுங்கு முழுவதும் அதற்காகத்தான்.

நண்டு வாங்குவதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அங்கே பிழைத்தால் பிறகு எதுவும் திருத்த முடியாது. காலையிலேயே போய், ஒவ்வொன்றும் 400 முதல் 450 கிராம் வரும் உயிருள்ள வாவி நண்டு இரண்டு வாங்குங்கள். ஒரே அளவில் இரண்டைக் கையில் எடுத்தால், கனமானதுதான் சதையுள்ளது. பிறகு திருப்பிப் பிடித்து, அடிப்பக்கத்தில் கடைசிக் கால் தொடங்கும் இடத்துக்கு அருகே பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது. மெல்லிய தகரம்போல உள்ளே வளைந்தால், அந்த நண்டு அண்மையில்தான் ஓடு கழற்றியிருக்கிறது. அதற்குள் சதையைவிடத் தண்ணீர்தான் அதிகம், கறியில் வெந்ததும் சுருங்கிக் கோது மட்டும் மிஞ்சும். நிலவு காலத்தில் நண்டு மெலிந்திருக்கும் என்று விற்பவர்களே சொல்வார்கள். நாட்காட்டியைப் பார்ப்பதைவிட அழுத்திப் பார்ப்பது நம்பகமானது. வயிற்று மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஆணில் கொடுக்குச் சதை அதிகம், பெண்ணில் ஓட்டுக்குள் சிவந்த சினை கிடைக்கலாம். இரண்டு பேர் என்றால் ஒன்று ஆணும் ஒன்று பெண்ணுமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் சுவாரசியம். மடலுக்கு வெளியே முட்டை திரளாக ஒட்டியிருக்கும் நண்டை வாங்காமல் விடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த நண்டை வாளித் தண்ணீரில் போடாதீர்கள். அசையாத தண்ணீரில் காற்று தீர்ந்து மூச்சுமுட்டிச் செத்துவிடும். கட்டை அவிழ்க்காமல், நனைத்த சாக்கால் மூடி, நிழலான தரையில் வையுங்கள், மாலைவரை தாங்கும். செத்துக் கிடந்த நண்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். உயிர் போனதும் அதன் வயிற்றில் உள்ள செரிப்பு நீர் சதையையே கரைக்கத் தொடங்கும். கறியில் அது பஞ்சுபோலக் கலைந்து நவச்சார நெடி அடிப்பதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

நண்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். தலையோடு நடுத்தர இறால் எட்டு (ஏறக்குறைய 200 கிராம்), வழுக்கை உள்ள பச்சை இளநீர் இரண்டு, முற்றிய தேங்காய் ஒன்று, அதிகம் புளிக்காத மாங்காய் ஒன்று, தேசிக்காய் நாலைந்து, ஒரு பிடி முருங்கையிலை, அரைக் கிலோ எருமைத் தயிர், கித்துள் பாணி, கஜு. இளநீர் வாங்கும்போது வழுக்கை விரலால் வழித்தெடுக்கக் கூடிய பதமாக இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்தால் அது முதல் வகையோடு குடிக்க, வழுக்கை அதே வகையின் கிண்ணத்துக்கு.

மதியம் சாப்பிட்ட கையோடு தயிரை வடிக்க வைத்துவிடுங்கள். கழுவி உலர்ந்த பருத்தித் துணியில் தயிரை முழுவதும் கொட்டி முடிந்து, ஒரு வடியின் மேல் வைத்து, கீழே கிண்ணத்தோடு பிரிட்ஜில் நாலு மணிநேரம். எருமைப்பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால் இந்தத் தயிர் இயல்பாகவே கட்டியாக உறையும். வடித்த பிறகு கரண்டியில் நிமிர்ந்து நிற்கும், பாணியை ஊற்றும்போது தண்ணீராகக் கலையாது. வெளியில் தொங்கவிடாதீர்கள், நம் வெக்கைக்கு நாலு மணிநேரத்தில் புளித்துப்போகும். வாங்கும்போதே சட்டியைச் சற்றுச் சரித்துப் பாருங்கள். ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் தேங்கி, தயிர் சட்டியிலிருந்து விலகி நின்றால் அது பழையது.

பின்னேரம் ஐந்து மணிக்கு இறாலைத் தொடங்குங்கள். தலையையும் கோதையும் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நரம்பை எடுங்கள். மூன்று கோப்பைத் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் இறாலைப் போட வேண்டும். மூடி மூன்று நிமிடம். இறால் அரைவட்டமாக வளைந்து வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மாறியிருந்தால் சரி. தலையும் வாலும் தொட்டு மோதிரம்போலச் சுருண்டுவிட்டால் கூடிவிட்டது, குளிர்ந்ததும் ரப்பராகும். உடனே எடுத்து ஐஸ் தண்ணீரில் ஆற்றி, வடித்து, பிரிட்ஜில் வையுங்கள்.

கழற்றிய தலையும் கோதும்தான் இந்த இரவின் இரகசியம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அவற்றைப் போட்டு, அகப்பையால் தலைகளை நசுக்கியபடி, நிறம் செம்மஞ்சளாகி வாசம் எழும்வரை மூன்று நிமிடம் வதக்குங்கள். இரண்டரைக் கோப்பைத் தண்ணீர் விட்டு மெல்லிய சூட்டில் 15 நிமிடம் வேகவைத்து வடியுங்கள். உப்புப் போட வேண்டாம். இருபது நிமிடத்தைத் தாண்ட விட்டால் கோதிலிருந்து கசப்பு இறங்கும். ஒன்றரைக் கோப்பைக்குச் சற்றுக் கூடச் சாறு கிடைக்கும். இந்தச் சாறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே தேங்காயின் இரண்டாம் பாலை இதனால் பிழியப் போகிறோம், தண்ணீரால் அல்ல. நண்டுக் கறிக்கு வேறு எந்தச் சரக்கும் தராத அடிச்சுவை அதில்தான் வரும்.

தேங்காய் ஒன்றே போதும், பங்கு பிரித்தால் சரி. துருவியதில் முக்கால் கோப்பை பிட்டுக்கு, இரண்டு மேசைக்கரண்டி வறுத்தரைக்க. மீதியில் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முக்கால் கோப்பை அளவு கட்டிப்பால் வரும், அதைத் தனியே வையுங்கள். அதே பூவில் ஒன்றரைக் கோப்பை இறால் சாறு விட்டுப் பிழிந்தது இரண்டாம் பால்.

இப்போது நண்டு. கட்டோடு அப்படியே பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் அரை மணிநேரம் வையுங்கள். குளிரில் அது மரத்துப்போகும். உயிர்ப்போடு இருக்கும் நண்டை வெட்டவோ கொதிநீரில் போடவோ முயன்றால் தானே கால்களைக் கழற்றிப் போட்டுவிடும், கழன்ற இடத்தால் தண்ணீர் புகுந்து சதை சப்பென்று ஆகும். மரத்ததும் மல்லாக்காகப் போட்டு, வயிற்று மடலைத் தூக்கி, அதன் அடியில் நடுவில் தெரியும் சிறு குழியில் கூரான கத்தி முனையை ஓங்கி இறக்குங்கள். உடனே அடங்கிவிடும். பிறகு மேலோட்டைப் பின்னாலிருந்து பிரித்து, இரு பக்கமும் இறகுபோல இருக்கும் செவுள்களையும், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிறு பையையும் எறியுங்கள். ஓட்டுக்குள் உள்ள மஞ்சள் விழுதையும் சினையையும் ஒரு கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், கறியின் முடிவில் அது வேண்டும். உடலை இரண்டாக வெட்டி, குழாயடியில் நீண்ட நேரம் பிடிக்காமல் ஒரு முறை அலசினால் போதும்.

கொடுக்கை உடைப்பதில் கொஞ்சம் கவனம். சந்தையில் வெட்டித் தருபவர்கள் ஓங்கி ஒரு அடி போடுவார்கள், ஓடு தூளாகிச் சதைக்குள் ஏறிவிடும். அமைதியாக உட்கார்ந்து சாப்பிடும் இரவில் பல்லில் ஓடு கடிபடக்கூடாது. கொடுக்கை ஒரு துணியில் சுற்றி, அம்மிக்குழவியால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு தட்டு, விரிசல் விட்டால் போதும். இப்படி எல்லாக் கணுவையும் அடுப்படியிலேயே விரித்து வைத்தால் மேசையில் பல்லாலோ பாக்குவெட்டியாலோ போராட வேண்டியதில்லை. மசாலாவும் அந்த விரிசலால் உள்ளே இறங்கும்.

வறுத்தரைக்கும் கூட்டு சிறியது. ஒரு தேக்கரண்டி அரிசியை வெறும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்து, அதோடு ஒதுக்கி வைத்த இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, அரைத் தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம் சேர்த்துப் பூ கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து, கொஞ்சம் தண்ணீரோடு மையாக அரையுங்கள். அரிசிதான் குழம்பைத் தடிப்பாக்கி ஓட்டில் ஒட்டவைக்கும்.

மண்சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் காய்ந்ததும் கால் தேக்கரண்டி வெந்தயம், பிறகு அரிந்த சின்ன வெங்காயம் பத்து, தட்டிய உள்ளி ஆறு பல், கீறிய பச்சை மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை ஒரு நெட்டு, ரம்பை இரண்டு அங்குலம். வெங்காயம் ஓரம் சிவந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, ஒன்றேகால் மேசைக்கரண்டி வறுத்த கறித்தூளும் கால் தேக்கரண்டி மஞ்சளும் போட்டு, எண்ணி முப்பது வரை கிளறுங்கள். தூள் கருகினால் கறி முழுவதும் கசக்கும், திருத்தம் கிடையாது, அந்தச் சட்டியைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. வீட்டில் வழக்கமாக நண்டுக்கு இரண்டு கரண்டி தூள் போடுவீர்கள் என்றால் இன்றைக்குக் குறைத்தே போடுங்கள். வாய் எரிந்துகொண்டிருந்தால் நண்டின் இனிப்பும் தெரியாது, குடிப்பதன் சுவையும் தெரியாது. உடனே இரண்டாம் பாலை ஊற்றி, சிறு நெல்லிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து விட்டு, முக்கால் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.

புளி இந்த இடத்தில்தான் சேர வேண்டும், கட்டிப்பாலுக்குப் பிறகு அல்ல. கட்டிப்பால் திரிந்து மேலே எண்ணெயும் கீழே துருவல்போன்ற திப்பியுமாகப் பிரிவதற்குக் காரணம் இரண்டு: புளிப்பு நேரடியாகப் படுவது, தளதளவென்று கொதிப்பது. புளியைக் கொதியில் முன்னாலேயே அடக்கிவிட்டு, கட்டிப்பாலைக் கடைசியில் மெல்லிய சூட்டில் சேர்த்தால் இரண்டும் தவிரும்.

குழம்பு கொதித்ததும் நண்டைப் போடுங்கள், முதலில் கொடுக்குகள், இரண்டு நிமிடம் கழித்து உடல் துண்டுகள். மூடி நடுத்தரத் தீயில் பத்து நிமிடம், நடுவில் ஒருமுறை பிரட்டல். ஓடு எங்கும் பச்சை தெரியாமல் சிவந்திருக்க வேண்டும். உடல் துண்டின் வெட்டுமுகத்தில் சதை கண்ணாடிபோல இல்லாமல் வெள்ளையாகத் தெரிய வேண்டும். அரைத்த கூட்டைக் கலந்து இன்னும் இரண்டு நிமிடம் விட்டு அணைத்து மூடிவிடுங்கள். கட்டிப்பாலும் முருங்கையிலையும் இப்போது வேண்டாம். சட்டியின் சூட்டிலேயே மீதி வேக்காடு நடக்கும், நீங்கள் முதல் வகையைச் சாப்பிடும் நேரத்தில் குழம்பு சதைக்குள் இறங்கும். நண்டை முழு வேக்காடு வேகவைத்துவிட்டுப் பிறகு சூடாக்கினால் சதை நார்நாராகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த இடைநிறுத்தம்.

மற்ற அடுப்பில் பிட்டு. ஒன்றரைக் கோப்பை வறுத்த சிவப்பரிசிமாவில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, கொதித்துச் சற்று ஆறிய தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் குழையுங்கள். ஏறக்குறைய முக்கால் கோப்பை பிடிக்கும், மாவைப் பொறுத்துக் கூடும் குறையும். கையில் எடுத்து இறுக்கினால் பிடிபட வேண்டும், பெருவிரலால் தள்ளினால் உதிர வேண்டும். பெரிய கட்டிகளைப் பேணியின் விளிம்பால் கொத்தி மணிமணியாக்கித் தேங்காய்ப்பூவைக் கலந்து, நீத்துப்பெட்டியிலோ குழலிலோ அமுக்காமல் நிரப்பி எட்டு நிமிடம் அவியுங்கள். தண்ணீர் குறைந்த பிட்டு வெந்த பிறகும் மாவாகத் தொண்டையில் நிற்கும், கூடினதோ களியாகும். களியானதைத் தேற்ற ஒரு பிடி உலர்ந்த மா தூவி மறுபடி கொத்திப் பார்க்கலாம், முழுவதும் சரிவராது. இடியப்பமும் பொருந்தும், ஆனால் இந்தக் குழம்பை உறிஞ்சுவதற்குப் பிட்டுக்கு நிகர் இல்லை. சோறு வேண்டாம், வயிறு நிறைந்து தயிருக்கு இடமில்லாமல் போகும்.

எட்டு மணிக்குச் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால் நேரக்கணக்கு இப்படி வரும். ஐந்துக்கு இறாலும் சாறும், ஐந்தே முக்காலுக்குத் தேங்காய்ப்பால், ஆறு மணிக்கு நண்டை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெங்காயம் உரிப்பது, ஆறரைக்கு நண்டு சுத்தம் செய்வது, ஏழு மணிக்குப் பிட்டு குழைத்து அவிக்க வைப்பது, ஏழேகாலுக்குக் கறி தொடங்குவது, ஏழே முக்காலுக்கு இரண்டு அடுப்பையும் அணைப்பது. அந்தக் கால்மணி நேரம் குளித்து உடுப்பு மாற்ற. உள்ளியும் நண்டும் மணக்கும் கையோடு மேசைக்கு வர வேண்டாம்.

மேசைக்கு வருவதற்குப் பத்து நிமிடம் முன்பாக மட்டும் முதல் கிண்ணத்தைக் கலவுங்கள். தீக்குச்சிபோல அரிந்த மாங்காய் அரைக் கோப்பை, நீளமாக அரிந்த வழுக்கை, மெல்லியதாக அரிந்து உப்பில் பிசைந்து கழுவிய சின்ன வெங்காயம் மூன்று, விதை நீக்கிய பச்சை மிளகாய் பாதி, குளிர்ந்த இறால், இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, இரண்டு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சீனி. முன்கூட்டியே கலந்து வைத்தால் உப்புக்கு மாங்காய் தண்ணீர் விட்டுக் கிண்ணம் குளமாகும், தேசிப்புளியில் இறாலும் இறுகும்.

இதோடு குடிக்க அதே இளநீர்த் தண்ணீர், நன்றாகக் குளிர்ந்தது. ஒரு குவளைக்கு நசுக்கிய இஞ்சி ஒரு வில்லையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு ஐந்து நிமிடத்தில் இஞ்சியை எடுத்துவிடுங்கள். தேசிக்காய் விட வேண்டாம், புளிப்பு ஏற்கெனவே கிண்ணத்தில் இருக்கிறது. ஐஸ் கட்டி போட்டால் இளநீர் சப்பென்றாகும். கட்டாயம் வேண்டுமென்றால் கொஞ்சம் இளநீரையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துப் போடுங்கள்.

கிண்ணம் முடிந்ததும் நீங்கள் எழும்ப வேண்டிய அந்த ஐந்து நிமிடம். ஒரு அடுப்பில் பிட்டு நாலு நிமிடம் மறு அவியல். மற்றதில் கறியை மெல்லச் சூடாக்கி, ஆவி எழும்பத் தொடங்கியதும் கட்டிப்பாலில் அந்த மஞ்சள் விழுதைக் கரைத்து ஊற்றி, உருவிய முருங்கையிலையைத் தூவி, சட்டியைக் கையால் சுழற்றிக் கலவுங்கள். ஓரத்தில் குமிழி தொடங்கி ஒரு நிமிடம் போனதும் இறக்கிவிடலாம். உப்பு இப்போதுதான் பார்க்க வேண்டும், நண்டே கொஞ்சம் உப்பு விடும். மேசையில் ஓடு போட ஒரு பெரிய வெற்றுக் கோப்பை, தேசிக்காய் வில்லை மிதக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஆளுக்கொரு கிண்ணம், இரண்டு பருத்தித் துவாய். கரண்டி, முள்ளு எல்லாம் இந்தச் சுற்றுக்குத் தேவையில்லை.

நண்டோடு என்ன குடிப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். உறைப்புக்குக் காரணமான பொருள் தண்ணீரில் கரையாது. எனவே வெறும் தண்ணீர் எரிவைக் குறைக்காது, வாய் முழுவதும் பரப்பிவிடும். இஞ்சியின் காரமும் நாக்கில் மிளகாய் தொடும் அதே இடத்தைத்தான் தொடுகிறது, சோடாவின் குமிழியும் எரிவைக் கூட்டும். ஆகவே முதல் சுற்றில் நன்றாயிருந்த இஞ்சி இங்கே கூடாது, ஜிஞ்சர் பியரும் கூடாது. வேண்டியது குமிழி இல்லாமல், குளிர்ந்து, கொஞ்சம் இனித்து, கொஞ்சம் புளித்து இருக்கும் ஒன்று. அரை லீட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி சீனியும் இரண்டு சிட்டிகை உப்பும் கரைத்துக் குளிரவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் இரண்டு தேசிக்காயை மென்மையாகப் பிழிந்து விடுங்கள். விதையும் தோலும் நசுங்கும்படி முறுக்கிப் பிழிந்தால் கசப்பு வரும். சீனி எரிவை அடக்கும், புளிப்பு தேங்காய்ப்பாலின் கொழுப்பை நாக்கிலிருந்து எடுக்கும்.

வைன் குடிக்கும் வழக்கம் இருந்தால் அதே கணக்குத்தான் அங்கேயும். வெள்ளை வைனில் சற்று இனிப்புள்ளது, ரீஸ்லிங் கிடைத்தால் முதலிடம் அதற்கு, மதுசாரம் 12 வீதத்துக்குக் குறைவாக. சிவப்பு வைன் வேண்டாம். அதன் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்து கசக்கும், அதில் சற்று அதிகமாக இருக்கும் இரும்பு கடலுணவோடு சேர்ந்து வாயில் மீன் வெடில் அடிக்கச் செய்யும். சாராயம் இந்தக் கறிக்கு நெருப்பில் எண்ணெய்தான். வெள்ளை வைனைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றினால் மணம் திறக்கும். ஆளுக்கு ஒரு கிளாஸ் போதும், மீதியை மூடிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும். உங்கள் நாள் போயாவில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மதுக்கடை பூட்டு, முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

நண்டுக்குப் பிறகு உடனே இனிப்புக்குப் போகாதீர்கள். கை கழுவி, மேசையைத் துடைத்து, கால்மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். வடித்த தயிரை ஆளுக்கு நாலு மேசைக்கரண்டி கிண்ணத்தில் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணியை மேலே விட்டு, முன்பே வெறும் தாச்சியில் மெல்லிய தீயில் வறுத்து உடைத்த கஜுவைத் தூவுங்கள். பாணியில் ஒரு சிட்டிகை உப்புக் கலந்தால் இனிப்பு கூர்மையாகும். பாணி இறுகியிருந்தால் போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தி இளக்குங்கள், அடுப்பில் கொதிக்கவைத்தால் குளிர்ந்த தயிரில் பட்டதும் மிட்டாயாக உறைந்து பல்லில் ஒட்டும். நல்ல கித்துள் பாணியில் இனிப்புக்குப் பின்னால் இலேசான புகையும் கசப்பும் தெரியும். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் அதில் சீனிப்பாகு கலந்திருக்கலாம். இந்த இடத்தில் தயிரை வைத்ததற்கு இன்னொரு நியாயமும் உண்டு: பாலில் உள்ள புரதம் மிளகாயின் எரிவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், நண்டுக்குப் பிறகு வாய் அமைதியாகும்.

இதோடு குடிக்கச் சீனி போடாத பிளேன்டீ. 400 மில்லி லீட்டர் கொதிதண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி தேயிலை, தட்டிய ஏலக்காய் ஒன்று, மூன்று நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் தூள் தேயிலை சீக்கிரம் இறங்கும், ஐந்து நிமிடம் விட்டால் துவர்ப்பு பாணியின் மணத்தை மூடிவிடும். சட்டியில் நண்டுக் குழம்பு மிஞ்சினால் படுக்கப் போகுமுன் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், கட்டிப்பால் விட்ட கறி விடிய வெளியில் கிடந்தால் புளித்துவிடும். காலையில் மெல்லச் சூடாக்கி றோஸ்ட் பாணோடு சாப்பிடலாம்.